இரட்டைப் பிளவுப் படம்: வட்டங்களா, இரண்டு கோடுகளா, முக்கோணமா?

ஜேசி முதலாண்டு படிக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்துக்கொண்டு செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாளில் யங்கின் இரட்டைப் பிளவுப் படம்; ஒளி இரண்டு பிளவுகள் வழியாகப் போய்த் திரையில் பொலிவும் கருமையுமான பட்டைகளை உண்டாக்கும் சோதனை அது. இரண்டு பிளவுகள், அவற்றிலிருந்து திரையில் P என்ற புள்ளியில் போய்ச் சேரும் இரண்டு கோடுகள், மேல் பிளவிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறக்கிய ஒரு செங்குத்து. கீழ்ப் பிளவுக்கும் செங்குத்தின் அடிக்கும் நடுவில் உள்ள துண்டில் d sin θ என்று எழுதியிருந்தாள். எந்தப் பாடக்குறிப்பைத் திறந்தாலும் இருக்கும் படம்தான்.

"அத்தை, ரெண்டு கோட்டையும் ஸ்கேல் வெச்சு அளந்து கழிச்சேன். ஒரு நம்பர் வருது. இந்தச் சின்னத் துண்டை அளந்தா வேற நம்பர் வருது. எதுதான் பாத் டிஃபரன்ஸ்?"

நல்ல கேள்வி. அவள் கை பிசகவில்லை. படத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு வெவ்வேறு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே படம்போல வரைவதுதான் வழக்கம். பாதை வேறுபாட்டை, அதாவது இரண்டு பிளவுகளிலிருந்தும் P-க்கு வரும் பாதைகளின் நீள வித்தியாசத்தை, காட்ட உண்மையில் மூன்று விதமான படங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒன்றைச் சரியாகச் சொல்கிறது, இன்னொன்றில் தவறாக வழிகாட்டுகிறது. எதை எதற்கு வரையலாம் என்று அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையை உண்மை அளவில் தாளில் வரைய முடியாது. ஆய்வுக்கூடத்தில் வழக்கமாக இருக்கக்கூடிய அளவுகளை எடுத்துக்கொள்வோம்: சிவப்பு லேசரின் அலைநீளம் λ 650 நானோமீட்டர், பிளவுகளுக்கு இடையே உள்ள தூரம் d 0.25 மில்லிமீட்டர், திரைக்கு உள்ள தூரம் D 1.5 மீட்டர். அடுத்தடுத்த பொலிவு வரிகளுக்கு இடையே λD/d, அதாவது 3.9 மில்லிமீட்டர் வரும். இதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் திரை 15 சென்டிமீட்டரில் நிற்கும், தாளில் அழகாக அடங்கிவிடும். ஆனால் பிளவு இடைவெளி 0.025 மில்லிமீட்டராகிவிடும். 0.5 பென்சில் முனை போடும் கோடே அதைப்போல இருபது மடங்கு தடிமன். இரண்டு பிளவும் அந்த ஒரே கோட்டுக்குள் மறைந்துவிடும். ஆகவே எந்தப் படமாக இருந்தாலும் எதையோ ஊதிப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். எதைப் பெரிதாக்குகிறோம், அதனால் எந்தச் சூத்திரம் அந்தப் படத்தில் பொய்யாகிறது என்பதுதான் தேர்வின் அடிப்படை.

வட்டங்களிலிருந்து தொடங்கினோம். இரண்டு பிளவுகளையும் மையமாக வைத்து ஒரே இடைவெளியில் வட்ட வில்களை வரைவது. தாமஸ் யங் 1807இல் வெளியிட்ட படமும் இந்த வகைதான். ஒவ்வொரு வில்லும் ஓர் அலை முகடு, அடுத்தடுத்த வில்களுக்கு இடையே ஓர் அலைநீளம்.

நாங்கள் எடுத்த அளவு இது: அலைநீளம் 1 சென்டிமீட்டர், பிளவுகளுக்கு இடையே 4 சென்டிமீட்டர், திரை 12 சென்டிமீட்டர் தள்ளி. ஏ4 தாளை நெட்டாக வைத்தால் அடங்கும். பெரிய ஆரங்களுக்குப் பள்ளிக் காம்பஸ் ஒத்துவராது. கால்களை மிகவும் அகட்டினால் ஊசிமுனை வழுக்கும், வில் கோணலாகும். அதற்குப் பதில் ஓர் அட்டைத் துண்டை நீளமாக வெட்டி, சென்டிமீட்டருக்கு ஓர் ஓட்டை போட்டு, ஒரு முனையைப் பிளவின் மேல் குண்டூசியால் குத்திக்கொண்டு, ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றலாம். எல்லா வில்லுக்கும் ஒரே அட்டை என்பதால் இடைவெளி மாறாது.

வரைந்து முடித்ததும் தாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பிளவுப் பக்கத்திலிருந்து திரைப் பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். வில்கள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் வரிசையாகி விசிறிபோல விரிவது தெரியும். அவைதான் பொலிவு வரிகள் திரைக்குப் போகும் வழி. பட்டைகள் ஏன் உண்டாகின்றன என்று ஒருவருக்குக் காட்ட இதைவிட நல்ல படம் இல்லை.

ஆனால் பாதை வேறுபாட்டைக் கேட்டால் இந்தப் படம் தடுமாறுகிறது. திரையில் ஒரு புள்ளிக்கு மேல் பிளவிலிருந்து எத்தனை வில், கீழ்ப் பிளவிலிருந்து எத்தனை வில் என்று எண்ணிக் கழிக்க வேண்டும். முப்பது வில்களுக்கு நடுவில் எண்ணும்போது கண் தவறிவிடுகிறது. அதைவிடப் பெரிய குழப்பம் திரையின் நடுப்புள்ளியில் வந்தது. எங்கள் அளவில் நடுப்புள்ளி இரண்டு பிளவுகளிலிருந்தும் 12.17 சென்டிமீட்டர். முழு எண் இல்லை, அதனால் எந்த வில்லும் அந்தப் புள்ளி வழியாகப் போகவில்லை. "முகடே இல்லையே அத்தை, அப்ப நடுவுல இருட்டா?" என்று கேட்டாள்.

இருட்டு இல்லை, அங்கேதான் பொலிவு மிக அதிகம். முகடும் முகடும் சந்திப்பது பொலிவுக்கு நிபந்தனை அல்ல. இரண்டு அலைகளும் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்தால் போதும். நடுப்புள்ளியில் இரண்டுமே 12.17 அலைநீளம் கடந்து வருகின்றன. வரைந்த அந்த நொடியில் இரண்டும் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன, ஆனால் ஒரே இடத்தில் இருக்கின்றன. சற்று நேரத்தில் இரண்டும் சேர்ந்தே முகடாகும், சேர்ந்தே பள்ளமாகும். வட்டப் படம் ஒரு நொடியை உறையவைத்துக் காட்டுவதால் இந்த விஷயம் அதில் ஒளிந்துகொள்கிறது. கருமை வரிக்கும் இதே கதிதான். எந்த வில்லும் இல்லாத இடத்தையெல்லாம் கருமை என்று குறித்துவிடத் தோன்றும்.

அடுத்தது இரண்டு கோட்டுப் படம். வில்களை எல்லாம் விட்டுவிட்டு, P புள்ளிக்கு இரண்டு பாதைகளை மட்டும் வரைவது. இங்கே நான் ஒரு புள்ளியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன்: திரையின் நடுவிலிருந்து 7 சென்டிமீட்டர் மேலே. மேல் பிளவு S₁ நடு அச்சிலிருந்து 2 மேலே, கீழ்ப் பிளவு S₂ 2 கீழே. ஆகவே S₁இலிருந்து P வரை குறுக்கே 12, ஏற்றம் 5; பாதை 13. S₂இலிருந்து குறுக்கே 12, ஏற்றம் 9, பாதை 15. பித்தகோரஸ் இரண்டிலும் முழு எண்ணாகவே வருகிறார். வேறுபாடு 2 சென்டிமீட்டர், அதாவது சரியாக இரண்டு அலைநீளம். P இரண்டாவது பொலிவு வரி.

இப்போது அந்த 2 சென்டிமீட்டரைப் படத்தில் எங்கே காட்டுவது? P-இல் குண்டூசியைக் குத்தி, 13 சென்டிமீட்டர் ஆரத்தில் S₁ வழியாக ஒரு வில் வரைந்தால் அது கீழ்க் கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அதை N என்போம். N-இலிருந்து P வரை 13, S₁இலிருந்தும் P வரை 13. மீதி S₂N, ஸ்கேலில் அளந்தால் 2. கணக்கும் அளவும் ஒத்துப்போயின.

அவள் வரைந்ததுபோல S₁இலிருந்து கீழ்க் கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால் என்ன ஆகும்? செங்குத்தின் அடி கோட்டில் இன்னும் சற்று மேலே போய் விழுகிறது, துண்டு 2.4 வருகிறது. நான்கு மில்லிமீட்டர் பிழை, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அவள் கண்டுபிடித்த முரண் இதுதான். வில்லால் கிடைத்த N-இல் கோணமானியை வைத்துப் பாருங்கள். S₁N-க்கும் NP-க்கும் இடையே 83 பாகைதான் வரும். இரண்டு கோடுகள் P-இல் சந்திக்கும்போது PS₁உம் PN-உம் சமமாக இருந்தால், அது இருசமபக்க முக்கோணம். அதன் அடிக்கோணம் 90 ஆகவே முடியாது. சந்திக்கும் கோடுகளையும் வரைந்து, N-இல் செங்கோணக் குறியையும் போட்டு, துண்டின் பெயர் பாதை வேறுபாடு என்றும் எழுதினால் அந்த மூன்றில் ஒன்று பொய்.

உண்மைச் சோதனையில் ஏன் இந்தப் பொய் யாருக்கும் தெரிவதில்லை? 0.25 மில்லிமீட்டர் இடைவெளி, 1.5 மீட்டர் தூரம் என்றால் இரண்டு கோடுகளும் P-இல் சேரும் கோணம் ஏறத்தாழ 0.01 பாகை. N-இல் உள்ள கோணம் 89.995 பாகை. அதைச் செங்கோணம் என்று சொல்வதில் ஒரு தவறும் இல்லை. தாளில் பிளவுகளை ஊதிப் பெரிதாக்கியதால்தான் கோடுகள் 14 பாகையில் சேர்ந்து, செங்கோணம் கெட்டது.

இதே படத்தில் சூத்திரங்களையும் சோதித்துப் பார்த்தோம். முடிவு எனக்கே வியப்பாக இருந்தது. θ-வைப் பிளவுகளின் நடுப்புள்ளியிலிருந்து P-ஐ நோக்கி அளந்தால் 30.3 பாகை. d sin θ = 4 × 0.504 = 2.016. இவ்வளவு கோணலான, ஊதிப் பெரிதாக்கிய படத்திலும் d sin θ ஒரு நூற்றுக்கு ஒன்றுக்குள் சரியாக இருக்கிறது. ஆனால் m-ஆவது பொலிவு வரி திரையின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி விழும் என்பதற்கான சூத்திரம் x = mλD/d-ஐப் போட்டால் 2 × 1 × 12 ÷ 4 = 6. உண்மை இடம் 7. ஒரு முழு சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது. முதல் பொலிவு வரிக்குச் சூத்திரம் 3.0 தருகிறது, உண்மை 3.14. முதல் கருமை வரிக்கு 1.5, உண்மை 1.53. அச்சுக்கு அருகில் சூத்திரம் பொருந்துகிறது. விலக விலகக் கைவிடுகிறது. பிழை sin θ-வில் இல்லை. Sin θ-வும் tan θ-வும் ஒன்று என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. பட்டைகள் சம இடைவெளியில் இருக்கும் என்று நாம் சொல்வது சிறு கோணத்துக்கு மட்டும்தான் என்பதை இந்தப் படத்தை விடத் தெளிவாக எதுவும் காட்டாது. திரையில் சம இடைவெளியில் வரிகளைக் குறித்துவிட்டு அவற்றுக்குக் கோடு இழுத்தால், நீளங்களைக் கழிக்கும்போது முழு அலைநீளம் வராது. அப்படி வராவிட்டால் காரணம் இதுதான்.

கணினியில் செய்ய விரும்புவோருக்கு ஜியோஜீப்ராவில் இந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் போதும். h-ஐ நகர்த்தினால் P திரையில் ஏறி இறங்கும், பாதை வேறுபாடு q-வில் தெரியும்.

```
w = 1
h = Slider(0, 8, 0.01)
S_1 = (0, 2)
S_2 = (0, -2)
P = (12, h)
a = Segment(S_1, P)
b = Segment(S_2, P)
q = b - a
N = Intersect(Circle(P, S_1), b)
Hyperbola(S_1, S_2, w/2)
Hyperbola(S_1, S_2, w/4)
```

கடைசி இரண்டு வரிகளும் முதல் பொலிவு வரியும் முதல் கருமை வரியும் போகும் வளைவுகள். பாதை வேறுபாடு மாறாத புள்ளிகள் எல்லாம் அதிபரவளைவில் அமையும். P அந்த வளைவைத் தொடும்போது q 1 ஆகவோ 0.5 ஆகவோ வருகிறதா என்று பார்க்கலாம். h-ஐச் சுழியத்துக்குக் கீழே விட வேண்டாம். அப்போது S₂ பக்கத்துப் பாதை குட்டையாகிவிடும், N காணாமல் போகும். கற்பிக்கும் ஆளுக்கு இது நல்ல கருவி. வரையும் பிள்ளைக்கு முதலில் அட்டையும் குண்டூசியும்தான் நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் 2.4 எதனால் வருகிறது என்பது கையால் செங்குத்து இறக்கினால்தான் உறைக்கும்.

மூன்றாவது, முக்கோணப் படம். திரையை முழுவதுமாக விட்டுவிட்டு, பிளவுகளுக்கு அருகில் உள்ள பகுதியை மட்டும் உருப்பெருக்கி வரைவது. திரை எங்கோ வெகு தொலைவில் இருக்கிறது, ஆகவே P-ஐ நோக்கிப் போகும் இரண்டு கோடுகளும் இணையாகத்தான் வரைய வேண்டும். இங்கே S₁இலிருந்து இறக்கும் செங்குத்து உண்மையிலேயே செங்குத்து, S₂N உண்மையிலேயே d sin θ. தேர்வில் d sin θ = mλ எப்படி வந்தது என்று விளக்கச் சொன்னால் வரைய வேண்டிய படம் இதுதான்.

பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். செங்கோணக் குறியை S₁இல் போட்டுவிடுவார்கள். அது N-இல் இருக்க வேண்டும். அப்புறம் θ எங்கே என்று கேட்டால் கதிருக்கும் அச்சுக்கும் இடையே மட்டும் காட்டுவார்கள். முக்கோணத்துக்குள் S₂S₁N கோணமும் அதே θ என்பதைக் குறிக்காவிட்டால் sin எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லாது. காரணம் எளிது: S₁S₂ அச்சுக்குச் செங்குத்து, S₁N கதிருக்குச் செங்குத்து. அச்சிலிருந்து கதிர் எவ்வளவு திரும்பியதோ, பிளவுக் கோட்டிலிருந்து S₁N-உம் அவ்வளவே திரும்பியிருக்கும்.

பொலிவையும் கருமையையும் பிரித்துக் காட்டுவதில் எங்களுக்குப் பலன் கொடுத்த வழி ஒன்று உண்டு. வழக்கமாக முதல் பொலிவு, முதல் கருமை என்று வரைவார்கள். d 4 சென்டிமீட்டர், λ 1 சென்டிமீட்டர் என்ற எங்கள் அளவில் முதல் கருமை வரிக்குக் கோணம் 7 பாகைதான். முக்கோணம் ஈர்க்குச்சிபோல ஒடுங்கிவிடும், அதற்குள் எதையும் எழுத முடியாது. ஆகவே இரண்டாவது வரிகளை எடுத்தோம். பொலிவுக்கு sin θ = 2/4, கோணம் 30 பாகை, S₂N 2 சென்டிமீட்டர். கருமைக்கு sin θ = 1.5/4, கோணம் 22 பாகை, S₂N 1.5 சென்டிமீட்டர். இரண்டு முக்கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தோம்.

பிறகு S₂N துண்டின் மேல் மட்டும் அலையை வரையச் சொன்னேன். இரண்டு பிளவுகளிலும் ஒரே நொடியில் முகடு என்று தொடங்க வேண்டும். முதல் படத்தில் S₂இல் முகடு, 2 சென்டிமீட்டருக்குள் இரண்டு முழு அலை, N-க்கு வந்தால் மறுபடி முகடு. S₁இலும் முகடு. இரண்டாவது படத்தில் S₂இல் முகடு, ஒன்றரை அலை, N-இல் பள்ளம். S₁இல் முகடு. S₁N கோட்டைத் தாண்டியபின் இரண்டு பாதைகளும் சம நீளம். ஆகவே அந்தக் கோட்டில் இருவரும் எப்படி நிற்கிறார்களோ, அப்படியேதான் திரையிலும் போய்ச் சேர்வார்கள். முகடும் முகடும் என்றால் பொலிவு; முகடும் பள்ளமும் என்றால் கருமை. முழுப் பாதைக்கும் அலை வரைந்தால் பத்துப் பதினைந்து வளைவுகளில் கை தளர்ந்து, கடைசியில் முகடு எங்கே விழுந்தது என்றே தெரியாது. சின்னத் துண்டில் மட்டும் வரைந்தால் பார்த்தவுடன் தெரிகிறது.

கருமை வரிகளுக்கு எண் கொடுப்பதில் கவனம் வேண்டும். (m + ½)λ என்று எழுதினால் முதல் கருமை m = 0. இரண்டாவது கருமைக்கு m = 1, பாதை வேறுபாடு 1.5λ. பொலிவில் m = 0 நடு வரி. இரண்டாவது பொலிவுக்கு m = 2 என்பதால் இரண்டாவது கருமைக்கும் அதே எண் என்று நினைத்து, 2.5λ என்று எழுதிவிடுவது சுலபம். படத்தின் கீழே "1.5λ, இரண்டாவது கருமை" என்று சொல்லாகவே எழுதிவிடச் சொன்னேன். இன்னொன்று, இதெல்லாம் இரண்டு பிளவுகளிலும் ஒளி ஒரே கட்டத்தில் புறப்படும்போதுதான். எதிர்க் கட்டத்தில் புறப்படுகின்றன என்று கேள்வியில் கொடுத்தால் பொலிவும் கருமையும் இடம் மாறும், நடுவில் இருட்டுதான் வரும். அப்போதும் படத்தைப் புதிதாக வரைய வேண்டியதில்லை. S₂இல் பள்ளத்தில் தொடங்கி அதே துண்டில் அலையை வரைந்தால் N என்ன என்பது தானே வந்துவிடும்.

இந்தப் படத்தின் குறை, அதில் திரையே இல்லை என்பது. இணையான கோடுகள் எப்படி ஒரு புள்ளியில் சந்திக்கும் என்ற கேள்வி எழும். பட்டை அகலத்துக்கு λD/d எப்படி வருகிறது என்பதையும் இதை மட்டும் வைத்துக் காட்ட முடியாது. அதற்கு இடது பக்கம் சின்னதாக முழு அமைப்பையும், திரையையும், அதில் P-இன் உயரம் x-ஐயும் போட்டு, பிளவுகளைச் சுற்றி ஒரு வட்டமிட்டு, அந்த வட்டத்தை வலப்பக்கம் பெரிதாக்கி முக்கோணத்தைக் காட்டினோம். சின்னப் படத்தில் N-உம் கிடையாது, செங்கோணமும் கிடையாது. பெரிய படத்தில் P கிடையாது, D-உம் கிடையாது. இரண்டையும் இணைப்பது θ மட்டும்: இங்கே sin θ = S₂N/d, அங்கே tan θ = x/D. கோணம் சிறியது என்பதால் இரண்டையும் சமமாக்குகிறோம் என்று நடுவில் ஒரு வரி. கீழே, அளவுக்கு வரையப்படவில்லை என்று ஒரு குறிப்பு.

ஆகவே என் தேர்வு இது. விடைத்தாளில் இந்த இரட்டைப் படம். பத்து நிமிடம் கிடைக்கும் நாளில், சொந்த நோட்டில், 13-க்கும் 15-க்கும் வில் வரைந்த இரண்டு கோட்டுப் படம் ஒரு முறை. வட்டங்களை வேறு யாருக்காவது சொல்லிக்கொடுக்கும்போது வரையலாம். விடைத்தாளில் அவற்றுக்கு நேரம் போதாது, பாதை வேறுபாட்டையும் அவை சுட்டிக்காட்டாது.

அவள் பழைய படத்தை அழிக்கவில்லை. 2.4 என்று எழுதிய துண்டுக்கு மேலே N-ஐச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வில் போட்டு, "83°" என்று எழுதிப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.